மாறிய பெட்டியும் மாறாத நிழலும்

நிழற்படம் என்னும் சொல்லில் நிழலே முதலில் நிற்கிறது. ஆயினும் படத்தைக் காண்போரின் கண் முதலில் பொருளின்மீதுதான் செல்லும். நிழலை எவரும் தனியாகக் கவனிப்பதில்லை. கவனிக்காவிட்டாலும் கண் அதை உள்ளூர அளந்துகொள்கிறது. நிழல் பிழைபட்டால், பிழை எங்கேயென்று சொல்லத் தெரியாதவர்கூட, ‘இதில் ஏதோ ஒட்டவில்லை’ என்று சொல்லிவிடுவார். ஒரு படத்தில் இருக்கும் பொருளை நீக்கி, அவ்விடத்தில் வேறொரு பொருளை வைக்க முற்படும் விளம்பரக் கலைஞருக்கு இந்த உள்ளூர அளக்கும் கண்தான் பரீட்சகர்.

இத்தகைய மாற்றம் ஏன் தேவைப்படுகிறது? சப்பிரகமுவ மாகாணத்திலிருந்தே ஒரு நிலைமையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பலாங்கொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். பங்களாவின் முன்னுள்ள புற்றரையில் ஒரு மர மேசை; அதன்மேல் பச்சை நிறத் தேயிலைத் தகரம்; அதற்கு வலப்புறம், சற்று முன்னால், ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையும் தட்டும். பின்னால் சரிந்து இறங்கும் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். காலை வெயிலில் எடுத்த அந்தப் படம் நன்றாக அமைந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து நிறுவனம் உருண்டைத் தகரத்தைக் கைவிட்டு வெள்ளை அட்டைப் பெட்டிக்கு மாறுகிறது. தேயிலை அதே தேயிலை. உறை மட்டும் வேறு. மறுபடியும் ஆட்களையும் கருவிகளையும் மலைக்கு ஏற்றிச் சென்று, வெயிலுக்காகக் காத்திருப்பது செலவு மிக்க காரியம். பழைய படத்திலேயே தகரத்தின் இடத்தில் பெட்டியை வைத்துவிடலாம் என்று முடிவாகிறது.

இது புதிய எண்ணமன்று. 1857 ஆம் ஆண்டிலேயே ரெஜ்லாண்டர் என்னும் கலைஞர் இங்கிலாந்தில் முப்பதுக்கு மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களை ஒன்றுசேர்த்து ஒரே படமாக அச்சிட்டுக் காட்டினார். இன்று கத்தரிக்கோலும் பசையும் இருட்டறையும் செய்த வேலையைக் கணினி செய்கிறது. ஆனால் கணினி வெட்டி ஒட்டித் தருமேயன்றி, வெயில் எப்பக்கமிருந்து வந்தது என்பதைப் பார்த்தறிய வேண்டியவர் கலைஞரே.

முதலிற் பார்க்க வேண்டியது பொருள்களின் பருமன். பழைய தகரம் 10 சென்ரிமீற்றர் விட்டமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது என்க. புதிய பெட்டியின் அடி 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரம். உயரம் 18 சென்ரிமீற்றர். அந்தச் சதுரத்துள் தகரத்தின் வட்ட அடி முழுவதும் அடங்கிவிடும். எனவே பெட்டியை அதே இடத்தில் நிறுத்தினால், எப்படித் திருப்பினாலும், தகரம் முழுவதும் அதன் பின்னே மறைந்துபோகும். இது நல்வாய்ப்பு. எதிர்மாறாகப் புதிய பொருள் சிறியதாக இருந்தால், பழைய பொருள் மறைத்திருந்த மேசைப் பலகையையும் பின்னாலுள்ள தேயிலைச் செடிகளையும் இல்லாததிலிருந்து உண்டாக்க வேண்டியிருக்கும். பெரிய பொருளைச் சிறியதன்மேல் வைப்பது எளிது. சிறிய பொருளைப் பெரியதன் இடத்தில் வைப்பது கடினம். ஏற்றுக்கொண்ட பணி எத்தனை நாள் பிடிக்கும் என்பதை இந்த ஒரு கணக்கே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

அடுத்தது பார்வைக் கோணம். பெட்டியைத் தனியாகப் படமெடுக்கும்போது, பழைய காட்சியைக் கமரா எந்த உயரத்திலிருந்தும் எவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்ததோ, அவ்வாறே பெட்டியையும் பார்க்க வேண்டும். அந்த உயரத்தை எப்படி அறிவது? கோப்பையின் வாய் சொல்லிவிடும். வட்டமான வாய், சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரிகிறது. நேர் மேலிருந்து பார்த்தால் முழு வட்டம். வாயின் மட்டத்திலேயே கண் இருந்தால் வெறுங்கோடு. படத்தில் அந்த நீள்வட்டத்தின் உயரம் அதன் அகலத்திற் சரிபாதியாக இருந்தால், கமரா 30 பாகை கீழ்நோக்கிப் பார்த்திருக்கிறது என்பது பொருள். மூன்றில் ஒரு பங்காக இருந்தால் ஏறத்தாழ 20 பாகை. ஓர் அடிக்கோலால் அளந்து அறியக்கூடிய உண்மை இது.

தூரத்தைத் தகரமே சொல்லும். அதன் உண்மையான அகலம் 10 சென்ரிமீற்றர், அதாவது 100 மில்லிமீற்றர் என்பது தெரியும். எந்த வில்லையால் எடுத்தது என்பது இக்காலப் படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையால் எடுத்த படத்தில், தகரத்தின் அகலம் கமராவின் உணரியில் 5 மில்லிமீற்றராகப் பதிந்திருந்தால், 50 ஐ 100 ஆற் பெருக்கி 5 ஆல் வகுக்க, 1000 மில்லிமீற்றர் வருகிறது. கமரா தகரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் தள்ளி நின்றது. ஆகவே பெட்டியையும் ஒரு மீற்றர் தூரத்திலிருந்து, 30 பாகை சாய்வில், அதாவது பெட்டியைவிட அரை மீற்றர் உயரத்தில் கமராவை வைத்து எடுக்க வேண்டும்.

இங்கே பலர் தவறுவது தூரத்திற்றான். பெட்டியை மூன்று மீற்றர் தள்ளி நின்று எடுத்துப் பெரிதாக்கினால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பார்கள். பருமன் சரியாகும், வடிவம் சரியாகாது. அருகிலிருந்து பார்க்கும் பெட்டியின் விளிம்புகள் தூரம் செல்லச் செல்ல ஒடுங்குவது கண்ணுக்குத் தெரியும். தொலைவிலிருந்து எடுத்த பெட்டியிலோ அவ்விளிம்புகள் ஏறக்குறைய ஒருபோகாகவே ஓடும். உருண்டைத் தகரத்தில் இப்பிழை ஒளிந்துகொள்ளும். மூலைகளும் நேர்கோடுகளும் உள்ள பெட்டியில் ஒளியாது. மேசையின் விளிம்புகள் ஒடுங்கும் வேகமும் பெட்டியின் விளிம்புகள் ஒடுங்கும் வேகமும் வேறுபட்டால், பெட்டி மேசைமேல் நிற்காமல் வேறோர் உலகத்தில் நிற்பதுபோல் தோன்றும்.

இனி வெயிலுக்கு வருவோம். சப்பிரகமுவத் தோட்டங்களின் வெயிலைப் பற்றி ஓர் உண்மையை மறத்தலாகாது. இரத்தினபுரியும் பலாங்கொடையும் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்திலேயே இருக்கின்றன. ஆகையால் ஆண்டில் இருமுறை, ஏப்பிரல் முதல் வார இறுதியிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே நிற்க, நிழல் தெற்கே விழுகிறது. ஜூன் மாதக் கடைசியில் 18 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெட்டியின் நண்பகல் நிழல் தெற்கே ஐந்தரைச் சென்ரிமீற்றர் அளவே நீளும். டிசெம்பரில் அதே பெட்டியின் நிழல் வடக்கே பத்துச் சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் குளிர்நாடுகளில் எழுதிய நூல்களைப் படித்துவிட்டு, அந்த வழக்கத்தை அப்படியே இங்கே பொருத்துபவர் ஆண்டில் ஐந்து மாதம் நிழலைத் தலைகீழாக வரைவார். நூலைப் பாராமல் படத்தைப் பார்ப்பதே வழி.

படத்தில் வெயிலின் உயரத்தைக் கோப்பையும் தகரமும் காட்டுகின்றன. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கிறது. நிழல் உயரத்தைவிட நீண்டிருந்தால் சூரியன் அதற்கும் தாழ்ந்து நிற்கிறது. குறுகியிருந்தால் உயர்ந்து நிற்கிறது. நமது காட்சியில் நிழல் தகரத்தின் உயரத்துக்குச் சமம். பின்பக்க இடமூலையிலிருந்து வெயில் வருவதால், நிழல் வலப்புறமாகவும் சற்று முன்னோக்கியும் விழுகிறது என்று கொள்வோம்.

இதே வெயிலை விளக்குகளால் உண்டாக்கலாம். அதைவிட மலிவான வழி ஒன்றுண்டு. சூரியன் இன்னும் அங்கேயே இருக்கிறது. கொழும்பிலோ கேகாலையிலோ ஒரு முற்றத்தில், அதே நிற மரப்பலகைமேல் ஒரு குச்சியை நிறுத்தி, அதன் நிழல் குச்சியின் உயரத்துக்குச் சமமாகும் வரையிற் காத்திருக்க வேண்டும். இந்நாட்டில் ஆண்டு முழுவதும் காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட ஏதோவொரு வேளையில் அது நிகழும். திசையைப் பற்றிக் கவலையில்லை; பலகையையும் கமராவையும் சேர்த்துத் திருப்பினால், படத்தில் உள்ள கோணத்துக்கே நிழல் வந்துவிடும். குச்சியை எடுத்துவிட்டுப் பெட்டியை வைத்து அழுத்தினால், வெயில், நிழல், பலகையிலிருந்து பெட்டியின் அடிப்பாகத்தில் மேலெழும் செம்மை கலந்த எதிரொளி ஆகிய யாவும் இயற்கையாகவே அமைந்துவிடும். பிற்பகலுக்குத் தள்ளிவைப்பது மட்டும் அறிவுடைமையன்று. மழை மேகம் வந்து கவிந்துவிட்டால் அன்றைய வேலை போயிற்று.

வெயில் பின்பக்கமிருந்து வருவதால் ஓர் இக்கட்டு எழுகிறது. பெட்டியின் மேற்பக்கமும் இடப்பக்கமும் ஒளி பெறுகின்றன. வலப்பக்கம் நிழலில் நிற்கிறது. நிறுவனத்தின் பெயர் வலப்பக்கத்தில் விழுந்தால் மங்கித் தெரியும். ‘பெயரைப் பளிச்சென்று ஆக்குங்கள்’ என்று முதலாளி கேட்பார். கணினியில் அப்பக்கத்தை வெளிறச் செய்வது நொடிப்பொழுது வேலை. ஆனால் செய்த நொடியிலேயே படம் கெட்டுவிடும். அருகில் உள்ள கோப்பையின் வலப்பக்கம் நிழலில் இருக்க, பெட்டியின் வலப்பக்கம் மட்டும் ஒளிர்வதற்குக் காரணம் காட்சியில் எங்கும் இல்லை. செய்ய வேண்டியது, படமெடுக்குமுன் பெட்டியைத் திருப்பி, பெயர் உள்ள முகத்தை இடப்புற வெயிலுக்குக் காட்டுவதுதான்.

பெட்டியின் வெண்மை எவ்வளவு வெண்மையாக இருக்க வேண்டும் என்பதற்கும் கோப்பையே அளவுகோல். கோப்பையும் வெள்ளை, பெட்டியும் வெள்ளை. கோப்பையின் வெயிற் பக்கம் எவ்வளவு பிரகாசமோ பெட்டியின் வெயிற் பக்கமும் ஏறத்தாழ அவ்வளவே இருக்கலாம். கோப்பையின் நிழற் பக்கம் எவ்வளவு மங்கலோ, வானத்தின் நீலச்சாயல் எவ்வளவு கலந்துள்ளதோ, பெட்டியின் நிழற் பக்கமும் அவ்வண்ணமே இருத்தல் வேண்டும். காட்சிக்குள் வெள்ளைப் பொருள் ஒன்று இருப்பதை நல்ல கலைஞர்கள் பெரும் உதவியாகக் கருதுவதன் காரணம் இதுவே.

பெட்டியைக் காட்சியில் ஒட்டியபின் நிழல் வேலை தொடங்குகிறது. 15 சென்ரிமீற்றர் உயரமுள்ள தகரத்தின் நிழல் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. பெட்டியின் நிழல் அதைவிட அகன்றது, மூன்று சென்ரிமீற்றர் நீண்டது. ஆதலால் பழைய நிழலை அழிக்க வேண்டியதில்லை. அது உண்மையான நிழல், அதை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் குறையும் பகுதியை மட்டும் சேர்த்தாற் போதும். சேர்க்கும் பகுதியைக் கறுப்பு மையால் தீட்டலாகாது. நிழல் என்பது கறுப்பன்று. வெயில் விலகிய இடத்தில் வானொளி மட்டும் எஞ்சி நிற்பதே நிழல். வெயிலில் உள்ள பலகையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 200, 150, 100 என்றும், பழைய நிழலில் அதே பலகையின் அளவுகள் 70, 60, 50 என்றும் கணினி காட்டுவதாகக் கொள்ளலாம். சிவப்பு நூற்றுக்கு 35 ஆகவும், பச்சை 40 ஆகவும், நீலம் 50 ஆகவும் குறைந்துள்ளன. புதிய பகுதியையும் இதே விகிதத்தில் குறைக்க வேண்டும். நிழலுக்கான தனிப்படலத்தை ‘Multiply’ என்னும் முறையில் வைத்தால், கணினி அடியிலுள்ள நிறத்தை இந்த விகிதங்களாற் பெருக்கித் தரும். மரத்தின் ரேகைகளும் நிழலினூடே மறையாமல் தெரியும். நீலம் குறைவாகவே குன்றுவதனால்தான் வெளிவெயிலின் நிழல்கள் சற்றே நீலமாகத் தோன்றுகின்றன.

நிழலின் ஓரம் எங்கும் ஒரே கூர்மையாக இருப்பதுமில்லை. சூரியன் ஒரு புள்ளியன்று. வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலை வீழ்த்தும் விளிம்பு ஒரு மீற்றர் தள்ளியிருந்தால், நிழலின் ஓரம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அளவுக்குக் கலங்கும். பெட்டியின் அடியில் ஓரம் கத்திபோற் கூர்மையாக இருக்கும். மேல்விளிம்பின் நிழல் விழும் கோடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கலக்கம் காணும். முழுநிழலையும் ஒரே அளவில் மழுக்கிவிடுவது கற்றுக்குட்டிகளின் பிழை.

நமது காட்சியில் நீண்டுவந்த மூன்று சென்ரிமீற்றர் நிழல், கோப்பையின் தட்டைத் தொடுகிறது. தட்டின் விளிம்பு மேசையைவிட உயர்ந்தது. ஆகவே நிழல் மேசைமேல் நேராக வந்து, விளிம்பில் முறிந்து, மேலேறி, முன்கூட்டியே முடிய வேண்டும்; மரத்தின்மேற் பழுப்பாக இருந்த நிழல் பீங்கான்மேல் நீலச்சாம்பலாக மாறவும் வேண்டும். தட்டையும் ஊடுருவி நேர்கோடாக ஓடும் நிழல், பெட்டி பின்னர் வந்தது என்பதைப் பறைசாற்றிவிடும். கோப்பையின் இடப்புற மினுக்கத்தில் பழைய தகரத்தின் பச்சை நிறம் எதிரொளித்துக் கொண்டிருக்குமாயின், அதையும் தேடி மாற்ற வேண்டும். வெளியேறியவர் விட்டுச்சென்ற காலடிச் சுவடு போன்றது அது.

கடைசியாக, பெட்டி மேசையைத் தொடும் கோட்டில் மிக மெல்லிய கருமை ஒன்று வேண்டும். வெயிலும் புகாத, வானொளியும் புகாத இடுக்கு அது. இதை விட்டுவிட்டால் பெட்டி மேசைக்குமேல் ஒரு விரற்கடை மிதப்பதுபோற் தோன்றும். வானம் மூடிய நாளில் எடுத்த படமாயின், திசையுள்ள நிழலே இராது. அப்போது இந்த இடுக்கின் கருமையும் அதைச் சுற்றிய மங்கலுமே பெட்டியை மேசையில் நிறுத்தும்.

முடிந்த படத்தைச் சோதிக்க ஓர் அடிக்கோல் போதும். ஒவ்வொரு பொருளின் உச்சியையும் அதன் நிழலின் உச்சியையும் ஒரு கோட்டால் இணைத்து நீட்ட வேண்டும். சூரியன் ஒன்றே ஆதலால், மேசைக்காலுக்கும் கோப்பைக்கும் பெட்டிக்கும் வரைந்த கோடுகள் யாவும் படத்தின் உள்ளேயோ வெளியேயோ ஒரே புள்ளியிற் சந்திக்க வேண்டும். பெட்டியின் கோடு மட்டும் விலகிச் சென்றால் திருத்தம் தேவை. பின்னர் படத்தை இடவலம் மாற்றி ஒருமுறை பார்ப்பது நல்லது. பழகிய கண்ணுக்குப் புலப்படாத குறை அப்போது புலப்படும்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நிழல் சரியாக விழுந்த படம் சாட்சி சொல்கிறது. ‘இந்தப் பெட்டி இந்த மேசையில் இருந்தது, இதனுள் இருப்பது இந்த மலையில் விளைந்தது’ என்பதே அச்சாட்சி. உறை மட்டும் மாறிய இடத்தில் அது பெரும்பாலும் மெய்யே. ஆனால் அதே திறமையினால் வேறெங்கோ விளைந்த தேயிலையின் பெட்டியையும் அங்கே நிறுத்திவிடலாம். இலங்கைத் தேயிலைச் சபை வகுத்துள்ள ஏழு தேயிலைப் பிரதேசங்களில் சப்பிரகமுவவும் ஒன்று. சபைக்குரிய சிங்க இலச்சினையை, முழுதும் இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதிசெய்த பெட்டிகளில் மட்டுமே பொறிக்கலாம். பெட்டியின்மேல் அச்சிடும் இலச்சினைக்கு விதி இருக்கிறது. பெட்டியின் பின்னே தெரியும் மலைக்கு அத்தகைய முத்திரை இல்லை. எனினும் வாங்குவோரை மயக்கும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. படம் சொல்லும் பொய்யும் பொய்தான்.

பின்னணியிற் கொழுந்து பறிக்கும் அவ்விரு பெண்களும் இருக்கிறார்கள். அன்று அவர்கள் ஒரு தகரத்துக்காகத் தங்கள் முகத்தைத் தந்தார்கள். முன்னால் உள்ள பொருள் மாறும்போது, அவர்கள் எதற்குச் சாட்சி நிற்கிறார்கள் என்பதும் மாறிவிடுகிறது. பெட்டியை மாற்றுமுன் அவர்களிடம் மீண்டும் ஒரு வார்த்தை கேட்பதே முறை. மேசைமேல் விழும் நிழலைத் திருத்தக் கணினி உண்டு. அவர்களுடைய சம்மதத்தை வாங்க மலைக்குத்தான் போக வேண்டும்.